பத்துக் கோடிக் கட்டங்களும் இரண்டு வரிசைகளும்

மென்பொருள் வேலைக்கான நேர்காணல்களில் தவறாமல் வரும் ஒரு தருணம் உண்டு. கேட்ட கணக்குக்கு நிரல் எழுதியாகிவிட்டது. கொடுத்த உதாரணங்களுக்கெல்லாம் விடை சரியாக வருகிறது. எழுதியவர் மூச்சு விட்டு நிமிர்வதற்குள் எதிரே இருப்பவர் கேட்கிறார்: "சரி, இதையே குறைந்த மெமரியில் செய்ய முடியுமா?" சில நேரம் கேள்வி, "இதை வேகமாக்க முடியுமா?" என்று வரும்.

இந்த இடத்தில்தான் பலர் தடுமாறுகிறார்கள். எழுதியது தப்புதான் போலிருக்கிறது என்று நினைத்து, ஓடிக்கொண்டிருக்கும் நிரலை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்குபவர்கள் உண்டு. எங்கோ படித்த உத்திகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பவர்களும் உண்டு. இரண்டுமே கேட்ட கேள்விக்குப் பதில் ஆகாது. உங்கள் நிரல் சேர்த்து வைத்திருப்பதில் எது விடைக்கு உண்மையிலேயே தேவை, எது தேவையில்லை என்று உங்களுக்குத் தெரிகிறதா என்பதுதான் அந்தக் கேள்வி. தேவையில்லாததைக் கண்டுபிடித்துக் கைவிட வேண்டும். கைவிட்டதால் எதை இழக்கிறோம் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். இதை ஒரே ஒரு கணக்கை வைத்துக் கடைசி வரை பார்த்துவிடலாம்.

கணக்கு இதுதான்: இரண்டு சொற்களைக் கொடுத்து, ஒன்றை மற்றொன்றாக மாற்றக் குறைந்தது எத்தனை திருத்தம் தேவை என்று கேட்பார்கள். ஓர் எழுத்தைச் சேர்ப்பது, நீக்குவது, மாற்றுவது ஆகிய ஒவ்வொன்றும் ஒரு திருத்தம். எடிட் டிஸ்டன்ஸ் என்று பெயர். சோவியத் கணிதவியலாளர் விளாடிமிர் லெவன்ஸ்டைன் 1965-இல் வரையறுத்த இந்த அளவு, பிழை திருத்தும் மென்பொருளில் தொடங்கி மரபணு வரிசைகளை ஒப்பிடுவது வரை பயன்படுகிறது. நேர்காணல் அறைகளிலும் இது பழகிய கேள்வி.

'மலர்' என்பதை 'மகளிர்' ஆக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 'ல'வை 'க' ஆக்கி, நடுவில் 'ளி'யைச் சேர்த்தால் போதும். விடை 2. இதைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் அட்டவணை போடுவார்கள். ராபர்ட் வாக்னரும் மைக்கேல் ஃபிஷரும் 1974-இல் வெளியிட்ட முறை இது. வேறு துறைகளில் இருந்தவர்கள் சிலரும் தனித்தனியாக இதே வழியை அடைந்திருக்கிறார்கள்.

```
         ம   க   ளி   ர்
     0   1   2   3   4
ம    1   0   1   2   3
ல    2   1   1   2   3
ர்    3   2   2   2   2
```

ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்னக் கேள்விக்கான விடை. 'ல' வரிசையும் 'க' நெடுவரிசையும் சந்திக்கும் கட்டம், 'மல' என்பதை 'மக' ஆக்க எத்தனை திருத்தம் என்று சொல்கிறது. இரண்டு எழுத்தும் ஒன்றாக இருந்தால் மேலே இடது மூலையில் உள்ள எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். இல்லையென்றால் மேலே, இடப்பக்கம், மேல் இடது மூலை ஆகிய மூன்றில் சிறியதோடு 1 கூட்ட வேண்டும். கீழே வலது மூலையில் இருக்கும் 2தான் இறுதி விடை.

இந்த அட்டவணையை நிரலாக எழுதியவரிடம் "குறைந்த மெமரியில் முடியுமா?" என்று கேட்டால், முதலில் வாயில் வர வேண்டியது இப்போதைய செலவு. "சார், இப்போது முதல் சொல்லின் நீளத்தையும் இரண்டாவதன் நீளத்தையும் பெருக்கினால் வரும் அளவுக்குக் கட்டங்கள் இருக்கின்றன. நேரமும் அதே அளவுதான்." இவ்வளவு சொன்னாலே பேச்சுக்கு ஒரு பிடி கிடைத்துவிடும். அடுத்தது எண்ணைப் போட்டுப் பார்ப்பது. நான்கெழுத்துச் சொற்களுக்கு இந்தக் கவலையே தேவையில்லை. ஆனால் பத்தாயிரம் எழுத்துள்ள இரண்டு வரிசைகள் என்றால் பத்துக் கோடிக் கட்டங்கள். கட்டத்துக்கு 4 பைட் என்று வைத்தால் 400 எம்பி. பைத்தானில் சாதாரண லிஸ்ட்டாக வைத்தால் 64 பிட் கணினியில் ஒவ்வொரு இடத்துக்கும் 8 பைட் சுட்டி வேண்டும். சுட்டிகளே 800 எம்பி பிடித்துவிடும்.

இனி அட்டவணையையே உற்றுப் பார்க்க வேண்டும். 'ர்' வரிசையை நிரப்பும்போது எந்த எண்களைத் தொட்டோம்? 'ல' வரிசையையும், 'ர்' வரிசையில் ஏற்கெனவே எழுதியதையும் மட்டும். 'ம' வரிசையை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கு மேலே இருந்த 0 1 2 3 4 வரிசையின் வேலை எப்போதோ முடிந்துவிட்டது. அப்படியென்றால் எந்த நேரத்திலும் இரண்டு வரிசைகள் இருந்தால் போதும்.

```python
def distance(a, b):
    prev = list(range(len(b) + 1))
    for i, x in enumerate(a, 1):
        cur = [i]
        for j, y in enumerate(b, 1):
            if x == y:
                cur.append(prev[j-1])
            else:
                cur.append(1 + min(prev[j], cur[j-1], prev[j-1]))
        prev = cur
    return prev[-1]
```

பத்துக் கோடிக் கட்டங்கள் இருபதாயிரமாகச் சுருங்கிவிட்டன. 4 பைட் கணக்கில் 400 எம்பி இருந்த இடத்தில் 80 கேபி. நேரத்தின் அளவு மாறவில்லை, அதே பத்துக் கோடி முறை கணக்கிடத்தான் வேண்டும் என்பதையும் நேர்காணலில் சொல்லிவிடுவது நல்லது. இரண்டு சொற்களின் நீளமும் பெரிதும் வேறுபட்டால், சிறிய சொல்லை `b` ஆக வைத்து இன்னும் மிச்சம் பிடிக்கலாம். சேர்ப்பதற்கும் நீக்குவதற்கும் ஒரே செலவு என்பதால் சொற்களை இடம் மாற்றினாலும் விடை மாறாது. இரண்டுக்கும் வெவ்வேறு செலவு என்று கணக்கில் இருந்தால், சொற்களை மாற்றும்போது அந்தச் செலவுகளையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சிலர் இதோடு நிற்காமல் ஒரே வரிசையில் முடிக்கப் பார்ப்பார்கள். முடியும். ஆனால் விழக்கூடிய குழி இங்கேதான் இருக்கிறது. பழைய எண்ணின் மேலேயே புதிய எண்ணை எழுதிக்கொண்டு போவதால், மேல் இடது மூலை எண் தேவைப்படும் நேரத்தில் அது அழிந்திருக்கும். அழிக்கும் முன் அதைத் தனியாக ஒரு மாறியில் எடுத்து வைக்கவில்லையென்றால் நிரல் பிழைச்செய்தி எதுவும் காட்டாமல் தவறான விடையைத் தரும். கண்டுபிடிக்க எளிய வழி, ஒரு சொல்லை அதே சொல்லோடு ஒப்பிடச் சொல்வது. விடை 0 வர வேண்டும். மூலை எண்ணைத் தொலைத்த நிரல், `ab` என்பதை `ab` ஆக்க 2 திருத்தம் தேவை என்று சொல்லும்.

முதலில் எழுதிய, மெமரியை அள்ளித் தின்ற நிரலை அழிக்கக் கூடாது என்பதற்குக் காரணமும் இதுதான். புதிய நிரலைச் சோதிக்க அதைவிட நல்ல நடுவர் கிடையாது. ஆறேழு எழுத்துள்ள சொற்களைக் கண்டபடி உருவாக்கி இரண்டு நிரலுக்கும் கொடுத்து விடைகள் பொருந்துகின்றனவா என்று பார்க்கலாம். `a`, `b` என்று இரண்டே எழுத்துகளைக் கலந்து சொற்களை உருவாக்குவது நல்லது. எழுத்துகள் அடிக்கடி பொருந்துவதால் பிழைகள் சீக்கிரம் வெளியே வரும். வெற்றுச் சொல்லையும் கொடுத்துப் பார்க்க வேண்டும்.

தமிழ்ச் சொற்களைக் கொண்டு சோதிப்பவர்களுக்கு இன்னொரு விஷயமும் கண்ணில் படும். மேலே உள்ள நிரலுக்கு 'மலர்', 'மகளிர்' என்று நேரடியாகக் கொடுத்தால் விடை 2 வராது, 3 வரும். யூனிகோடில் 'ளி' என்பது ளகரமும் இகரக் குறியும் சேர்ந்த இரண்டு குறியீடுகள்; 'ர்' என்பதிலும் புள்ளி தனிக் குறியீடு. பைத்தானுக்கு 'மகளிர்' நான்கு எழுத்து அல்ல, ஆறு. எழுத்துகளாகப் பிரித்து ஒரு லிஸ்ட்டாகக் கொடுத்தால்தான் நம் கைக்கணக்கோடு ஒத்துப்போகும். எழுத்து என்று எதைக் கணக்கிடுவது என்பது நேர்காணலின் தொடக்கத்திலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.

மெமரி குறைந்தது சரி, எதை இழந்தோம்? அட்டவணை முழுதாக இருந்தபோது, கீழ் வலது மூலையிலிருந்து எந்தக் கட்டம் எந்தக் கட்டத்திலிருந்து வந்தது என்று பின்னோக்கி நடந்தே 'ல'வை 'க' ஆக்கு, 'ளி'யைச் சேர் என்ற படிகளைச் சொல்லியிருக்கலாம். இப்போது எண் மட்டும் கையில் இருக்கிறது. வந்த வழி அழிந்துவிட்டது. எழுதியவரே இதை முந்திக்கொண்டு சொல்லிவிட வேண்டும்: "சார், திருத்தங்களின் எண்ணிக்கை மட்டும் போதும் என்றால் இது சரி. என்னென்ன திருத்தம் என்ற பட்டியலும் வேண்டுமென்றால் இது போதாது."

நேர்காணல் செய்பவர் பெரும்பாலும் இதற்காகத்தான் காத்திருப்பார். "பட்டியலும் வேண்டும், மெமரியும் ஏறக் கூடாது" என்பார்.

நடுத்தரமான பதில் ஒன்று உடனே சொல்லலாம். ஒவ்வொரு கட்டத்திலும் எண்ணை வைக்காமல், அந்த எண் எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை மட்டும் குறித்து வைத்தால் போதும். மூன்று திசைகளுக்கு 2 பிட் போதுமானது. பத்துக் கோடிக் கட்டங்களுக்கு 25 எம்பி. 400 எம்பியிலிருந்து இதற்கு இறங்கியதே நடைமுறையில் பல வேலைகளுக்குப் போதும். இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை.

இன்னும் குறைக்க வேண்டும் என்றால் டான் ஹிர்ஷ்பெர்க் 1975-இல் வெளியிட்ட வழி இருக்கிறது. இரண்டு வரிசைகளுக்குப் பொதுவாக உள்ள மிக நீளமான எழுத்துத் தொடரைக் கண்டுபிடிக்க அவர் சொன்னது எடிட் டிஸ்டன்ஸுக்கும் அப்படியே பொருந்தும். முதல் சொல்லை நடுவில் வெட்ட வேண்டும். மேல் பாதிக்கு முன்னிருந்து கணக்கிட்டுக் கடைசி வரிசையை எடுத்துக்கொள்ள வேண்டும். கீழ்ப் பாதிக்குப் பின்னிருந்து கணக்கிட வேண்டும். இரண்டையும் கூட்டினால், இரண்டாவது சொல்லை எங்கே வெட்டினால் மொத்தத் திருத்தம் குறைவு என்று தெரிந்துவிடும்.

நம் உதாரணத்தில் 'மலர்' என்பதை 'மல', 'ர்' என்று வெட்டலாம். 'மல' என்பதற்கான வரிசை அட்டவணையில் ஏற்கெனவே இருக்கிறது: 2 1 1 2 3. அடுத்து, 'ர்' என்பதை 'மகளிர்' என்பதன் ஒவ்வொரு பின்பகுதியாகவும் மாற்ற எத்தனை திருத்தம் என்று பார்த்தால், முழுச் சொல்லுக்கு 3, 'களிர்' என்பதற்கு 2, 'ளிர்' என்பதற்கு 1, 'ர்' என்பதற்கு 0, ஒன்றுமே மிஞ்சாவிட்டால் 1. இரண்டையும் கூட்டினால் 5, 3, 2, 2, 4. குறைந்தது 2, நமக்குத் தெரிந்த விடையும் அதுதான். அது இரண்டு இடங்களில் வருகிறது, எதை வேண்டுமானாலும் எடுக்கலாம். மூன்றாவது இடத்தை எடுத்தால் 'மல' என்பதை 'மக' ஆக்குவது ஒரு சின்னக் கணக்கு, 'ர்' என்பதை 'ளிர்' ஆக்குவது இன்னொரு சின்னக் கணக்கு. இரண்டையும் இதே முறையில் மேலும் வெட்டிக்கொண்டே போனால், கடைசியில் ஒற்றை எழுத்துகள் மிஞ்சும். திருத்தங்களின் முழுப் பட்டியலும் கிடைத்துவிடும்.

இதற்கு விலை நேரம். முதல் சுற்றில் முழு அட்டவணைக்கான வேலை நடக்கிறது. வெட்டியபின் மிஞ்சும் இரண்டு சின்ன அட்டவணைகளின் மொத்தப் பரப்பு பாதி. அடுத்த சுற்றில் கால். எல்லாவற்றையும் கூட்டினாலும் முதல் வேலையின் இரண்டு மடங்கைத் தாண்டாது. ஆக, நேரத்தை இரட்டிப்பாக்கி, மெமரியை அட்டவணையின் பரப்பிலிருந்து சொல்லின் நீளத்துக்கு இறக்கியாயிற்று. நேர்காணல் அறையில் இதை முழு நிரலாக எழுத நேரம் இருக்காது. ஆனால் யோசனையையும் விலையையும் இப்படி நான்கு வாக்கியத்தில் சொல்லிவிட்டு, எழுதட்டுமா என்று கேட்கலாம். பல நேரம், வேண்டாம், புரிந்துவிட்டது என்பார்கள்.

வேகம் வேண்டும் என்ற கேள்விக்கு வருவோம். இங்கே வண்டி வேறு பக்கம் திரும்ப வேண்டும். மெமரியைப் பொறுத்தவரை அட்டவணையில் தேவையற்றது நிறைய இருந்தது. நேரத்தில் அப்படி இருக்கிறதா?

எந்தச் சொல் வந்தாலும் சரியான விடை வேண்டும் என்றால், பெரிதாகக் குறைக்க வழி தெரியவில்லை. வில்லியம் மாசெக்கும் மைக்கேல் பேட்டர்சனும் 1980-இல் மடக்கை அளவுக்கு ஒரு முன்னேற்றம் காட்டினார்கள், அவ்வளவுதான். 2015-இல் எம்ஐடியைச் சேர்ந்த ஆர்தர்ஸ் பாக்கர்ஸும் பியோட்டர் இண்டிக்கும் இதற்குக் காரணம் சொன்னார்கள். நீளத்தின் வர்க்கத்தைவிடத் தெளிவாகக் குறைந்த நேரத்தில் எடிட் டிஸ்டன்ஸைக் கணக்கிடும் வழி ஒன்று இருந்தால், கணினியியலில் பலர் உண்மையென்று கருதும் வேறொரு ஊகம் உடைந்துவிடும் என்று அவர்கள் நிறுவினார்கள். முடியவே முடியாது என்ற நிரூபணம் அல்ல அது. ஆனால் நாற்பத்தைந்து நிமிட நேர்காணலில் ஒருவர் அதைக் கண்டுபிடிக்க வேண்டும் என்று எவரும் எதிர்பார்க்க மாட்டார்கள் என்பதற்கு அது போதுமான ஆதாரம்.

அதனால் இங்கே கேட்க வேண்டிய கேள்வி வேறு: "வரும் சொற்களைப் பற்றி ஏதாவது முன்கூட்டியே தெரியுமா? வித்தியாசம் சிறிதாகத்தான் இருக்கும் என்று நம்பலாமா?" பிழை திருத்தும் மென்பொருளுக்கு ஒரு சொல் இன்னொன்றிலிருந்து ஐம்பது திருத்தம் தள்ளி இருக்கிறதா, அறுபதா என்பது முக்கியமில்லை. இரண்டுக்குள் இருக்கிறதா என்பதுதான் முக்கியம்.

வித்தியாசம் ஐந்துக்குள் இருந்தால் சொல், தாண்டினால் 'தாண்டிவிட்டது' என்று சொன்னால் போதும் என்று பதில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எந்தக் கட்டத்தின் எண்ணும், அதன் வரிசை எண்ணுக்கும் நெடுவரிசை எண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தைவிடக் குறைவாக இருக்க முடியாது. மூன்று எழுத்தை ஒன்பது எழுத்தாக்க ஆறு சேர்ப்பாவது வேண்டுமல்லவா? எனவே மூலைவிட்டத்திலிருந்து ஐந்து கட்டத்துக்கு மேல் விலகி இருப்பவற்றை நிரப்பவே தேவையில்லை. வரிசைக்கு 11 கட்டங்கள். பத்தாயிரம் வரிசைக்கு ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பத்துக் கோடியோடு ஒப்பிட்டால் தொள்ளாயிரத்தில் ஒரு பங்கு வேலை. இரண்டு சொற்களின் நீளமே ஐந்துக்கு மேல் வேறுபட்டால் ஒரு கட்டத்தைக்கூட நிரப்பாமல் பதில் சொல்லிவிடலாம்.

எல்லை தெரியாவிட்டாலும் வழி உண்டு. ஒன்று என்று வைத்துப் பார்த்து, தாண்டினால் இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போகலாம். விடை சிறிதாக இருந்தால் வேலையும் சிறிதாக இருக்கும். எஸ்கோ உக்கோனென் 1985-இல் வெளியிட்ட ஆய்வில் இந்த எண்ணம் இருக்கிறது. கவனிக்க வேண்டிய இடம் பட்டையின் ஓரம். அதற்கு வெளியே நிரப்பாமல் விட்ட கட்டத்தில் தற்செயலாக 0 இருந்தால், நிரல் அதை நம்பிக் குறைவான விடையைச் சொல்லும். வெளிக்கட்டங்களில் பெரிய எண் ஒன்றைப் போட்டு வைக்க வேண்டும். இந்தப் பிழையையும் பிடித்துக்கொடுப்பது அழிக்காமல் வைத்த பழைய நிரல்தான். சொற்கள் முற்றிலும் வேறாக இருந்தால் பட்டை அட்டவணை முழுவதையும் விழுங்கிவிடும், எந்த லாபமும் இராது என்பதையும் எழுதியவரே சொல்லிவிட வேண்டும்.

இவையெல்லாம் நேர்காணலுக்காகச் செய்யப்பட்ட வித்தைகள் என்று நினைப்பவர்கள் நிரலாளர்கள் அன்றாடம் தட்டும் `git diff` கட்டளையைப் பார்க்கலாம். கோப்பின் பழைய வடிவத்துக்கும் புதிய வடிவத்துக்கும் இடையே எந்தெந்த வரிகள் மாறின என்று அது காட்டுகிறது. அதன் இயல்பான வழிமுறை யூஜின் மையர்ஸ் 1986-இல் வெளியிட்டது. மாற்றுதல் அதில் கிடையாது, சேர்ப்பும் நீக்கமும் மட்டும்தான். கோப்பின் நீளத்தை வித்தியாசத்தின் அளவால் பெருக்கினால் வருவது அதற்காகும் நேரம். வித்தியாசம் சிறிதாக இருந்தால் விரைவாக முடியும். நடுவில் வெட்டிப் பிரிக்கும் யோசனையைச் சேர்த்து, மெமரியைக் கோப்பின் நீளத்துக்குள் அடக்கும் வழியும் அதே கட்டுரையில் இருக்கிறது.